அயர்ன் காண்டார் நஷ்டத்தில் ஓடுகிறதா? அறிகுறியைப் பார்த்து டெல்டா, காமா, தீட்டா, வேகாவில் காரணம் தேடும் முறை

நான்கு லெக் பொசிஷன் ஒன்று போட்டுவிட்டு, திரையில் சிவப்பாக ஓடும் லாப நஷ்ட எண்ணை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் எதுவும் விளங்காது. அந்த எண்ணைப் பிரித்துப் பார்த்தால்தான் எந்தப் பக்கம் கசிகிறது என்று தெரியும். பிரிப்பதற்கான கருவிகள்தான் இந்த நான்கு கிரீக் எண்கள்: நிஃப்டி நகர்வதன் விளைவைக் காட்டுவது டெல்டா, அந்த டெல்டா எவ்வளவு வேகமாக மாறும் என்பது காமா, ஒரு நாள் கழிவதன் விளைவு தீட்டா, ஐவி மாறுவதன் விளைவு வேகா. ஐவி என்பது ஆப்ஷன் விலைக்குள் சந்தை வைத்திருக்கும் ஏற்ற இறக்கக் கணிப்பு. நிஃப்டியில் பலரும் போடும் அயர்ன் காண்டாரையே எடுத்துக்கொண்டு, எந்த அறிகுறி தெரிந்தால் எங்கே பார்ப்பது, என்ன செய்வது என்று எழுதுகிறேன்.

கணக்குக்கு ஒரே உதாரணம் போதும். நிஃப்டி 25,000, எக்ஸ்பைரிக்கு 14 நாள், ஐவி எல்லா ஸ்டிரைக்கிலும் 12 என்று வைத்துக்கொள்வோம் (நிஜத்தில் புட் பக்கம் கூடுதலாக இருக்கும்). 25,500 கால் விற்று 25,800 கால் வாங்குகிறோம். 24,500 புட் விற்று 24,200 புட் வாங்குகிறோம். கையில் வரும் பிரீமியம் யூனிட்டுக்கு சுமார் 82 ரூபாய். இரண்டு பக்கமும் அகலம் 300 புள்ளி, எனவே அதிகபட்ச நஷ்டம் 218. லாட் 65 என்று கொண்டு 10 லாட், அதாவது 650 யூனிட். லாட் அளவை என்.எஸ்.இ. அவ்வப்போது மாற்றும், உங்கள் நாளில் என்ன அளவோ அதைப் போட்டுக்கொள்ளுங்கள்.

650 யூனிட்டுக்கு மொத்த கிரீக் இப்படி வரும்: டெல்டா கிட்டத்தட்ட 0, காமா -0.265, தீட்டா நாளுக்கு +3,270 ரூபாய், வேகா ஐவி ஒரு புள்ளிக்கு -7,630 ரூபாய். அதிகபட்ச லாபம் 53,300, அதிகபட்ச நஷ்டம் 1,41,700. இந்த நான்கு எண்களையும் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள், கீழே எல்லாம் இவற்றை வைத்துத்தான் போகும். ஒரு நாள் மாற்றத்தைப் பிரிக்க இந்த வரி போதும்:

```
P&L ≈ Δ×m + ½×Γ×m² + Θ×t + V×(dIV)
```

m என்பது நிஃப்டி நகர்ந்த புள்ளி, t நாள், dIV என்பது ஐவி எத்தனை புள்ளி மாறியது என்பது.

அறிகுறி 1: திரை காட்டும் கிரீக் எண்ணுக்கும் நடப்பதற்கும் சம்பந்தமே இல்லை

மற்ற எதையும் தொடுவதற்கு முன் இதைச் சரிசெய்யுங்கள், ஏனென்றால் அளவு தப்பாக இருந்தால் அதன்மேல் எடுக்கும் முடிவெல்லாம் தப்பு. முதலில் பார்க்க வேண்டியது அலகு. சில திரைகள் யூனிட் கணக்கில் காட்டும், சில லாட் கணக்கில், சில மொத்தப் பொசிஷனுக்கு. விற்ற லெக்குக்கு மைனஸ் போட்டுக் கூட்டியிருக்கிறதா என்பதையும் பாருங்கள். ஒவ்வொரு லெக்கின் எண்ணையும் தனித்தனியாகக் காட்டிவிட்டுக் குறியை நம் தலையில் விடும் திரைகள் உண்டு. சோதிக்க எளிய வழி இருக்கிறது. பே-ஆஃப் வரைபடம் தரும் ஏதாவது கருவியில் நம் நான்கு லெக்கையும் போட்டு, ஐவியை மட்டும் 1 புள்ளி கூட்டிப் பாருங்கள். நஷ்டம் ஏறத்தாழ 7,600 வந்தால் வேகா மொத்தப் பொசிஷனுக்கானது. 11.7 என்று திரை காட்டினால் அது யூனிட்டுக்கு, 650-ஆல் பெருக்க வேண்டும். தேதியை ஒரு நாள் தள்ளிப்போட்டால் தீட்டாவும் இப்படியே சரிபார்க்கப்பட்டுவிடும்.

அலகு சரியாக இருந்தும் எண்கள் கோணலாக இருந்தால், ஒரே ஸ்டிரைக்கின் கால் ஐவியையும் புட் ஐவியையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நிஃப்டி ஆப்ஷன் ஐரோப்பிய வகை, எனவே ஒரே ஸ்டிரைக், ஒரே எக்ஸ்பைரி என்றால் இரண்டு ஐவியும் ஒட்டித்தான் இருக்க வேண்டும். கால் 10, புட் 14 என்று பிளந்து கிடந்தால், கருவி ஸ்பாட் விலையை வைத்துக் கணக்குப் போடுகிறது என்று அர்த்தம். சந்தை விலை வைப்பது அந்த எக்ஸ்பைரியின் ஃபார்வர்டு விலையை வைத்துத்தான். வாராந்திர எக்ஸ்பைரிக்கு ஃபியூச்சர் கிடையாது, அதனால் அட்-தி-மனி ஸ்டிரைக்கில் கால் விலையிலிருந்து புட் விலையைக் கழித்து ஸ்டிரைக்கோடு கூட்டுங்கள். அதுதான் ஃபார்வர்டு. அதை அடிப்படை விலையாகக் கொடுத்தால் இரண்டு ஐவியும் ஒன்று சேரும், டெல்டாவும் நம்பும்படி ஆகும்.

அறிகுறி 2: நிஃப்டி நகரவே இல்லை, தீட்டா பாசிட்டிவ், ஆனாலும் நஷ்டம்

இதற்குக் காரணம் கிட்டத்தட்ட எப்போதும் வேகாதான். மூன்று நாள் நிஃப்டி 25,000-ஐச் சுற்றியே கிடந்தது, ஐவி மட்டும் 12-இலிருந்து 14.5-க்குப் போனது என்று வையுங்கள். தீட்டாவால் வந்தது 3 × 3,270, சுமார் 9,800. வேகாவால் போனது 2.5 × 7,630, சுமார் 19,100. மொத்தத்தில் 9,300 நஷ்டம். மூன்று நாள் தீட்டாவை ஐவியின் இரண்டரைப் புள்ளி விழுங்கி, அதற்கு மேலும் எடுத்துக்கொண்டது. இங்கே வேகாவைத் தீட்டாவால் வகுத்துப் பார்க்கும் பழக்கம் நல்லது: 7,630 ÷ 3,270 = 2.3. ஐவி ஒரு புள்ளி ஏறினால் இரண்டே கால் நாள் சம்பாத்தியம் போகும் என்று பொருள். எக்ஸ்பைரி தூரமாக இருக்கும்போது இந்த விகிதம் பெரிதாக இருக்கும், நெருங்க நெருங்கச் சுருங்கும்.

அடுத்த கேள்வி, ஐவி ஏன் ஏறியது. உங்கள் எக்ஸ்பைரிக்குள் ரிசர்வ் வங்கி கொள்கை அறிவிப்பு, பட்ஜெட், தேர்தல் முடிவு என்று ஏதாவது வருகிறதென்றால் ஐவி அந்த நாள் வரை ஏறிக்கொண்டோ பிடித்துக்கொண்டோ இருக்கும். நாளாக நாளாகத் தீட்டா ஒழுங்காக வந்து சேரும் என்று எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான், அது பெரும்பாலும் நிகழ்வு முடிந்த பிறகுதான் வந்து விழும். அப்படிப்பட்ட இடத்தில் நீங்கள் உட்கார்ந்திருப்பது தீட்டாவுக்காக அல்ல, நிகழ்வின் முடிவை எதிர்த்து. அது வேண்டாம் என்றால் லாட்டைப் பாதியாகக் குறைப்பதுதான் நேரடியான தீர்வு, நான்கு கிரீக்கும் ஒரே வெட்டில் பாதியாகும்.

அடுத்த மாத ஆப்ஷனை வாங்கி வேகாவைச் சமன் செய்கிறேன் என்று சிலர் கிளம்புவார்கள். கூட்டலில் வேகா 0 என்று காட்டும்தான். ஆனால் பயம் வந்தால் கிட்ட மாத ஐவி 4 புள்ளி ஏறும்போது தூர மாத ஐவி 2 புள்ளிதான் ஏறும், திரை இரண்டையும் ஒரே புள்ளியாகப் பாவித்துக் கூட்டியிருக்கும். வெவ்வேறு எக்ஸ்பைரியின் வேகாவைக் கூட்ட வேண்டுமென்றால் ஒவ்வொன்றையும் மீதி நாளின் வர்க்கமூலத்தால் எடை போட்டுக் கூட்டுங்கள். 30 நாளை அளவுகோலாக வைத்தால் 14 நாள் வேகாவை √(30/14), அதாவது 1.46-ஆல் பெருக்க வேண்டும். இதுவும் தோராயம்தான், ஆனால் நேரடிக் கூட்டலைவிட எவ்வளவோ மேல்.

அறிகுறி 3: டெல்டா 0, ஆனால் இறங்கினால் வலிக்கிற அளவு ஏறினால் வலிப்பதில்லை

நிஃப்டி இறங்கும்போது ஐவி ஏறுவதும், ஏறும்போது ஐவி இறங்குவதும் வழக்கம். நம் பொசிஷன் ஷார்ட் வேகா, எனவே இறக்கத்தில் இரட்டை அடி. 1% இறக்கத்துக்கு, அதாவது 250 புள்ளிக்கு, ஐவி 1 புள்ளி ஏறும் என்று வைத்தால் 7,630 ÷ 250 = 30. திரை டெல்டா 0 என்கிறது, நடைமுறையில் நீங்கள் +30 டெல்டாவில், கிட்டத்தட்ட அரை லாட் ஃபியூச்சர் லாங்கில் இருக்கிறீர்கள். காண்டார் போடும்போதே மொத்த டெல்டாவைக் கொஞ்சம் மைனஸில், இந்த உதாரணத்தில் -20 இலிருந்து -30 வரை, வைத்துத் தொடங்கினால் இரண்டு பக்கமும் ஏறத்தாழ சமமாகும். கால் ஸ்டிரைக்கை 50 புள்ளி உள்ளே இழுத்தாலே அந்தப் பக்கம் நகர்ந்துவிடும். எத்தனை புள்ளிக்கு எவ்வளவு ஐவி என்பதை மட்டும் கடந்த சில வாரச் சந்தையைப் பார்த்து நீங்களே வைத்துக்கொள்ளுங்கள், அது நிலையான எண் கிடையாது.

அறிகுறி 4: காலையில் 0 ஆக இருந்த டெல்டா எங்கேயோ போய்விட்டது

இது காமா. மறுநாள் நிஃப்டி 300 புள்ளி ஏறி 25,300 ஆனது, ஐவி அதே 12 என்று கொள்வோம். காமா -0.265 × 300 = -80. நான்கு லெக்கையும் முழுதாக விலையிட்டுப் பார்த்தால் டெல்டா -78 வருகிறது, கணக்கு ஒத்துப்போகிறது. நஷ்டம்: ½ × 0.265 × 300² = 11,900, அதிலிருந்து ஒரு நாள் தீட்டா 3,270 கழிந்து சுமார் 8,700.

இப்போது கை பரபரக்கும். -78 என்றால் ஒரு லாட் ஃபியூச்சர் வாங்கினால் -13 ஆகிவிடும், முடிந்தது என்று தோன்றும். முடியவில்லை. ஃபியூச்சருக்குக் காமா கிடையாது, எனவே உங்கள் ஷார்ட் காமா அப்படியேதான் இருக்கிறது. அடுத்த நாள் நிஃப்டி திரும்பி 25,000-க்கு வந்தால் ஃபியூச்சரில் 300 × 65 = 19,500 போகும்; காண்டார் மீட்டுத் தருவது அந்த 8,700-உம் கூடவே இரண்டு நாள் தீட்டாவும்தான். ஷார்ட் காமா வைத்திருப்பவர் ஃபியூச்சரில் ஹெட்ஜ் செய்வது என்றால் ஏறியபின் வாங்கி, இறங்கியபின் விற்பது. போக்கு ஒரே திசையில் தொடர்ந்தால் காப்பாற்றும், முன்னும் பின்னும் ஆடினால் அரைத்துவிடும்.

இதற்கு மாற்று, அடிபட்ட பக்கத்திலேயே குறைப்பது. 10 கால் ஸ்பிரெட்டில் 5-ஐ மூடினால் டெல்டா -78-இலிருந்து -22-க்கு வருகிறது, காமாவும் கால்பங்குக்கு மேல் குறைகிறது. விலை என்னவென்றால் அந்த 5 லாட்டில் ஏறத்தாழ 13,000 நஷ்டத்தை உறுதி செய்கிறீர்கள். என் விருப்பம் இதுதான். நஷ்டத்தைப் பதிவு செய்வது கசப்பாக இருந்தாலும் ஆபத்து உண்மையில் குறைகிறது, ஃபியூச்சரைப் போல இன்னொரு ஆபத்தை மேலே ஏற்றுவதில்லை.

எப்போது கை வைப்பது? நல்ல ஒரு எல்லை தீட்டாவிலிருந்தே கிடைக்கும். ஒரு நாள் தீட்டா காமா நஷ்டத்தைச் சரியாக ஈடுகட்டும் நகர்வு இது:

```
m = √(2×Θ / |Γ|) = √(2×3270 / 0.265) ≈ 157
```

157 புள்ளி. இது தற்செயலான எண் இல்லை, 25,000 × 12% ÷ √365 போட்டாலும் இதுவே வரும். சந்தை 12 ஐவி என்று விலை வைத்திருப்பதே நாளுக்கு இவ்வளவு நகரும் என்ற கணிப்பில்தான், தீட்டா என்பது அந்த நகர்வைத் தாங்குவதற்காக உங்களுக்குத் தரப்படும் வாடகை. 157-க்குள் நாள் முடிந்தால் உங்களுக்கு, தாண்டினால் எதிராளிக்கு. 157 புள்ளி நகர்ந்ததும் டெல்டா சுமார் 42 ஆகியிருக்கும். ஆகவே 10 லாட்டுக்கு டெல்டா 42-ஐத் தாண்டினால் பார்வையை அதன்மேல் வைக்கிறேன். 78-க்குப் போய்விட்டால், அதை 157-ஆல் பெருக்கினால் 12,200: ஒரு நாளின் சாதாரண அசைவே தீட்டாவைப்போல நான்கு மடங்கை நகர்த்தும். அந்த நிலையில் அது திசை பந்தயம், தீட்டா பொசிஷன் என்ற பெயரில் வைத்திருக்கக் கூடாது.

அறிகுறி 5: ஒரே கெட்ட நாள் மாத லாபத்தைத் தின்றுவிடுகிறது

ஹெட்ஜ் எதுவும் இதைச் சரிசெய்யாது, லாட் எண்ணிக்கை தப்பு. மார்ஜின் எத்தனை லாட்டுக்கு இடம் தருகிறது என்பதை வைத்து லாட் முடிவு செய்வதுதான் பெரும்பாலும் இதற்கு வேர். மார்ஜின் புரோக்கரையும் சந்தையையும் காப்பதற்கு, உங்கள் கணக்கைக் காப்பதற்கு அல்ல.

வேறு பக்கமிருந்து வாருங்கள். மூலதனம் 5 லட்சம், ஒரு மோசமான நாளில் 2%, அதாவது 10,000 வரை போகலாம் என்று முடிவு செய்திருக்கிறீர்கள் என வைப்போம். மோசமான நாள் என்றால் என்ன என்பதை எண்ணாக எழுதுங்கள்: நிஃப்டி 380 புள்ளி இறக்கம் (வர்த்தக நாள் கணக்கில் இரண்டு சிக்மா), ஐவி 3 புள்ளி ஏற்றம், இரண்டும் ஒரே நாளில். யூனிட்டுக்குக் காமா நஷ்டம் 29.5, வேகா நஷ்டம் 35, தீட்டா 5 கழிந்தால் சுமார் 59. லாட்டுக்கு 3,860. 10,000-ஐ அதால் வகுத்தால் 2 லாட். நான்கு லெக்கையும் புதிய விலையில் முழுதாகக் கணக்கிட்டால் நஷ்டம் யூனிட்டுக்கு 46 தான் வருகிறது, லாட்டுக்கு 3,000, அப்போது 3 லாட் வரை போகலாம். வித்தியாசம் ஏனென்றால் விலை வாங்கிய 24,200 புட்டை நெருங்கும்போது அது உயிர்பெற்றுக் காமாவையும் வேகாவையும் சுருக்குகிறது. கிரீக் எண்கள் நின்ற இடத்துக்கு மட்டும் சரியானவை. பெரிய நகர்வுக்கு முழு விலையிடல்தான் நம்பத்தக்கது. காண்டாரில் கிரீக் கணக்கு நஷ்டத்தை மிகைப்படுத்திக் காட்டியது நமக்குச் சாதகம். பாதுகாப்புக்காக வாங்கும் தூர ஆப்ஷன், அதாவது இறக்கை, இல்லாத வெறும் ஸ்டிராங்கிளில் அந்தத் தடுப்பு கிடையாது: அங்கே தொடக்கக் காமாவே இரண்டு மடங்குக்கு மேல், நஷ்டத்துக்கு எல்லையும் இல்லை.

இதோடு இன்னொரு சோதனை, கேப். 2025 ஏப்ரல் 7 அன்று நிஃப்டி 3.24% இறங்கி முடிந்தது, இந்தியா விக்ஸ் 13.76-இலிருந்து 22.79-க்கு ஒரே நாளில் போனது. 2024 ஜூன் 4, தேர்தல் முடிவு நாளில் 5.93% இறக்கம். இப்படியொரு நாளில் 157, 42 என்ற எல்லைக்கெல்லாம் வேலையில்லை, விலை அவற்றைத் தாண்டித்தான் திறக்கும் அல்லது ஓடும். அப்போது பொருள்படும் ஒரே எண் அதிகபட்ச நஷ்டம்: லாட்டுக்கு 14,170. 2 லாட் என்றால் 28,300, மூலதனத்தில் 5.7%. 10 லாட் என்றால் 28%. எந்த எண்ணைத் தாங்க முடியுமோ அதற்கேற்ற லாட்டைப் போடுங்கள், இரண்டு சோதனையில் எது சிறிய லாட்டைத் தருகிறதோ அதுவே அளவு.

அறிகுறி 6: எக்ஸ்பைரி நெருங்குகிறது, தீட்டா திடீரென்று அழகாகத் தெரிகிறது

எக்ஸ்பைரிக்கு ஒரு நாள், நிஃப்டி 25,450, அதாவது விற்ற 25,500 காலுக்கு 50 புள்ளி தூரம். திரையில் 10 லாட்டுக்குத் தீட்டா 17,800 காட்டும். தொடக்கத்தில் 3,270 இருந்தது, ஐந்து மடங்குக்கு மேல். ஒரே ஒரு நாள் பொறுத்தால் போதும் என்று மனம் சொல்லும். பக்கத்து எண்ணையும் படியுங்கள்: காமா -1.39. அதுவும் ஐந்து மடங்கு. 100 புள்ளி நகர்ந்தால் டெல்டா 139 மாறும், இரண்டு லாட் ஃபியூச்சருக்கு மேல். மேலே உள்ள சூத்திரத்தில் போட்டால் ஈடுகட்டும் நகர்வு 160 புள்ளி, முன்பு இருந்த அதே அளவுதான். அதாவது நிபந்தனை ஒன்றும் மேம்படவில்லை, பந்தயத் தொகை மட்டும் ஐந்து மடங்கு ஆகியிருக்கிறது. வாங்கிய 25,800 கால் இந்த இடத்தில் பெரிதாக உதவாது, அதன் காமா விற்றதில் பத்தில் ஒரு பங்குதான்.

தீட்டாவைத் தனியாகப் படிக்காமல், அந்த நாளின் காமாவை முதல் நாள் காமாவோடு ஒப்பிட்டு லாட்டை வெட்டுவதுதான் இங்கே செய்ய வேண்டியது. காமா ஐந்து மடங்கானால், 10 லாட்டில் 2 லாட் வைத்தால்தான் முதல் நாள் எடுத்த அதே ஆபத்து. மற்ற 8 லாட்டை மூட மனமில்லை என்றால், அன்று புதிதாக 10 லாட் இந்த விலையில் விற்பீர்களா என்பதுதான் கேள்வி. செபியும் 2024 நவம்பரிலிருந்து எக்ஸ்பைரி நாளில் ஷார்ட் இன்டெக்ஸ் ஆப்ஷனுக்கு 2% கூடுதல் மார்ஜின் கேட்கிறது, எனவே கடைசி நாளுக்குக் கொண்டுபோவதென்றால் கணக்கில் அதற்கான பணம் முந்தின நாளே இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் பற்றாக்குறைக்காக புரோக்கரே பொசிஷனை மூட நேரலாம்.

மூடும்போது வரிசை முக்கியம்: விற்ற லெக்கை முதலில் வாங்கி மூடுங்கள், பிறகு இறக்கையை விற்றுவிடுங்கள். இறக்கையை முதலில் விற்றால் இடையில் அந்தச் சில நொடிக்கு வெறும் ஷார்ட் நிற்கும், மார்ஜின் தேவை எகிறி அடுத்த ஆர்டர் நிராகரிக்கப்படலாம். தூர இறக்கையில் வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் இடைவெளி அகலமாக இருந்தால் மார்க்கெட் ஆர்டர் போடாமல் லிமிட் வைத்து விடுங்கள். ஒன்றிரண்டு ரூபாய்தான் மதிப்பு என்றால் விற்காமலேயே விட்டுவிடலாம், அது இனி யாருக்கும் கடன் வைக்காது.